போர்வெல் தண்ணீரின் உப்பு

ஒரகடத்தில் கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் லிடியாவுக்குக் கான்கிரீட் சோதனை வேலை. புது போர்வெல் தண்ணீரில் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் குளோரைடு உப்பு இருந்தது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு ஐந்நூறுதான் வரம்பு.

“இதைக் கலக்கவும் கூடாது, காங்கிரீட் இறுகுறதுக்கு மேல ஊத்தவும் கூடாது. உள்ள கம்பி துரு புடிச்சிடும்,” என்றாள்.

“உன்னால வேலை நிக்கணுமா? இன்னா திமிரு!” என்று கத்திய ஒப்பந்தக்காரர் தயாளன், சோதனைக் குடுவையை அவள் நெற்றியில் அடித்து உடைத்தார். ரத்தம் கண்ணை மறைத்தது. லிடியா தடுமாறிப் போய், கலவை இயந்திரத்துக்குத் தண்ணீர் போகும் குழாயின் வால்வை மூடி இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் முடியைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. தொழிலாளர்கள் ஓடிவந்து அவரை மடக்கினார்கள். போலீஸ் கொண்டுபோனது.

நெற்றியில் ஏழு தையல். நான்காம் நாள், லாரியில் வந்த தண்ணீரை அவளே சோதித்தாள். குளோரைடு 140.

“இப்ப கலக்குங்க,” என்றாள்.