பேய் வந்து நின்ற வாசல்

கல்லூரிக் கடைசி வருஷ புராஜெக்டுக்கு நானும் என் நண்பனும் ஒரு கேம் செய்தோம். அருப்புக்கோட்டையில் அவன் வீட்டைச் சுற்றியுள்ள நெசவாளர் தெருக்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அதையே புதிர்ப்பாதையாக்கினோம். காலையில் தெருவை அடைத்து, தறியில் ஏற்றுவதற்கான நூலைப் பாவாக நீட்டியிருப்பார்கள். அந்தக் கட்டங்களையும் சுவராக்கச் சொன்னவன் அவன்தான். ஆட்டக்காரன் அவன் வீட்டு வாசலில் தொடங்குவான். துரத்தும் பேய் என் பொறுப்பு.

ஆட்டக்காரன் நிற்கும் கட்டத்துக்குப் பூஜ்யம். அதை ஒட்டிய கட்டங்களுக்கு ஒன்று, அவற்றை ஒட்டியவற்றுக்கு இரண்டு என்று, சுவர்களை விட்டுவிட்டு எண்கள் பரவும். பேய் ஒவ்வொரு முறையும் ஒன்று குறைந்த எண்ணுள்ள கட்டத்துக்கு நகர்ந்தால் போதும், அதுதான் மிகக் குறுகிய வழி.

முதல்முறை ஓட்டியபோது பேய் பாவைச் சுற்றிக்கொண்டு அழகாக வந்தது. வந்து, அவன் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. ஆட்டக்காரனை அவன் எப்போதோ கடைசித் தெருவுக்கு ஓட்டிப்போயிருந்தான்.

"ஏலே, நான் போயி எம்புட்டு நேரமாச்சு! அது இன்னும் எங்க வீட்டு வாசல்லயே நிக்கிது" என்று விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு எரிச்சலான எரிச்சல். எண்களைத் தொடக்கத்தில் ஒரே முறைதான் போட்டிருந்தேன். ஆட்டக்காரன் கட்டம் மாறும்போதெல்லாம் புதிதாகப் போடும்படி திருத்தினேன்.

அவன் கனடா போய்விட்டான். வீட்டையும் விற்றுவிட்டார்கள். எனக்குத் தெரியும். போன மாதம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன், பாவு நீட்டிய தெருவை விட்டு அடுத்த சந்தில் திரும்பி, நேரே அந்த வாசலில் போய் நின்றேன்.

"யாரு வேணும்?" என்றார் உள்ளிருந்து வந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா.