காதோடு சொன்ன கற்பூர விலை

சிறுவாச்சூரில் அம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மற்ற நாட்களில் கோயில் தெருக் கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் கடைக்கு என்ன மூட்டை வந்தது, யார் வீட்டுக்கு யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். சரக்கு வாங்கும் விலையை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தெருவில் வேம்புவுக்குத் தேங்காய், கற்பூரம், குங்குமம் விற்கிற கடை. எட்டாவது வரை படித்தவள். சிரித்த முகம், ஆனால் சில்லறை கொடுக்கும்போது சிரிக்க மாட்டாள். கணவன் அரியமுத்து பெரம்பலூரில் லாரி செட்டில் கணக்கு எழுதினான். தன் கடைக் கணக்கில் வேம்பு அவனைத் தலையிட விடுவதில்லை.

திருச்சி மண்டி ஒன்றிலிருந்து நடராசன் என்கிற ஏஜெண்டு மாதம் ஒரு முறை வருவார். ஆர்டர் எடுப்பதும் அவர்தான், வசூலுக்கு வருவதும் அவர்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் ரெக்சின் பை. மற்ற சாமான்களின் விலையை உரக்கச் சொல்வார். கற்பூரம் என்று வந்தால் கடைக்குள் தலையை நீட்டி, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, காதருகே வருவார்.

"அக்கா, வெளி ரேட்டு அறுபத்தஞ்சு. ஒங்களுக்கு மட்டும் அறுபத்திரெண்டு. மொதலாளி கால்ல விழுந்து வாங்கியாந்தேன். பக்கத்துக் கடைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

ஆர்டர் சீட்டு எழுதும்போது விலைக் கட்டத்தில் 'பேசியபடி' என்று எழுதுவார். நம்பரை எழுதினால் யாராவது பார்த்துவிடுவார்களாம். கார்பன் வைத்து எழுதிய சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். வேம்பு அதைப் பெருமையாக வாங்கி வைத்துக்கொள்வாள். பில்லும் அதுவரை சொன்ன விலைக்கே வந்தது. தெருவில் தனக்கு மட்டும் ஒரு விலை என்பது சின்ன விஷயமா?

ஆனி மாதத்தில் வந்த பெட்டியைப் பிரித்தபோதுதான் அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது. இருபது கிலோ கற்பூரம். எடை போட்டாள், சரியாக இருந்தது. பில்லின் அடியில் மொத்தம் ஆயிரத்து முந்நூற்று எழுபத்தேழு. அவள் மனக்கணக்கில் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாலுதான் வந்தது. மேலிருந்து படித்தாள். கிலோ அறுபத்தைந்து வீதம் ஆயிரத்து முந்நூறு, அதற்கு நூற்றுக்கு ஐந்து வரி, லாரிக் கூலி பன்னிரண்டு. கூட்டல் சரி. வீதம்தான் தப்பு.

பத்துப் பத்து கிராமாகப் பொட்டலம் கட்டி முக்கால் ரூபாய்க்கு விற்கிற சரக்கு அது. மூடி வைத்தாலும் காற்றில் கொஞ்சம் கரைந்து போகும். எல்லாம் போகக் கிலோவுக்கு ஒன்பது ரூபாய் நின்றால் பெரிது. அதில் மூன்று ரூபாய்க்கு மேல் மண்டிக்குப் போய்விட்டது. ஆடிக்கு இதைப்போல ஐந்து பங்கு வாங்க வேண்டும். இப்போது வாயை மூடிக்கொண்டால் ஆடிச் சரக்கும் அதே வீதத்தில்தான் வரும். சண்டை போட்டாலோ, ஆடிக்குச் சரக்கே வராமல் போகலாம். கூட்டம் வருகிற அந்த நாட்களில் கற்பூரம் இல்லாமல் கடை வைத்திருப்பதற்கு, கடையைப் பூட்டிவிட்டு வரிசையில் நின்று சாமி கும்பிடலாம்.

"ஆர்டர் சீட்டக் காட்டிக் கேளு" என்றான் அரியமுத்து.

"சீட்டுல என்னா இருக்கு? பேசியபடின்னு இருக்கு. பேசினது என் காதுல இருக்கு. காதக் கழட்டியா காட்ட முடியும்?"

மறுநாள் பக்கத்துக் கடைப் பச்சையம்மாளிடம் போனாள். அவளுக்கும் அதே லாரியில் பெட்டி வந்திருந்தது.

"யக்கா, கற்பூர பில்லு பாத்தியா?"

"பாத்தனே."

"சொன்ன வெலதான் போட்டிருக்கா?"

பச்சையம்மாள் குங்குமத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். "எனக்கென்னாத்துக்கு ஏமாத்தறான்? ஒனக்கு என்னா சொன்னான்?"

"நீ சொல்லு."

"நீதான வந்து கேக்கற, நீ சொல்லு."

வேம்பு தெருவை ஒருமுறை பார்த்தாள். தாலியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னால்கூட இவ்வளவு தயங்கியிருக்க மாட்டாள். கடைசியில் சொல்லிவிட்டாள். "எனக்கு மட்டும்னு அறுவத்திரெண்டு சொன்னான். பில்லுல அறுவத்தஞ்சு."

பச்சையம்மாளின் கையில் துணி நின்றது. "ஒனக்குமா?"

அவளுக்கு வந்த கோபம் பில்லைப் பார்த்து வந்ததல்ல. அறுபத்தைந்து போட்டிருப்பது அவளுக்கு முன்பே தெரியும். கேட்டால் தன் விசேஷ விலை வெளியே வந்துவிடும் என்று பேசாமல் இருந்திருக்கிறாள். எதிர்ச்சாரிக் கடைச் செல்லப்பன் கதையும் அதுதான். அய்யம்பெருமாளுக்கும் அப்படியே, அவர் மட்டும் கூடுதலாக, "எனக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னான்" என்றார். தெருவில் நான்கு கடை. நான்கு பேருக்கும் 'ஒங்களுக்கு மட்டும்'.

செவ்வாய்க்கிழமை நடராசன் வசூலுக்கு வந்தபோது நான்கு பேரும் வேம்பு கடையில் இருந்தார்கள். அவர் முகத்தில் விபூதி மட்டும் அசையாமல் இருந்தது.

"என்னங்க, எல்லாரும் ஒண்ணா... கல்யாணம் ஏதும் உண்டா?"

"உட்காருங்க நடராசண்ணே. எனக்கு என்னா வெல சொன்னீங்க? சத்தமா சொல்லுங்க" என்றாள் வேம்பு.

"அக்கா, அதெல்லாம் பொதுவுல..."

"அறுவத்திரெண்டு!" என்றார் அய்யம்பெருமாள். "எங்க நாலு பேருக்கும் அதான் சொன்ன. இல்லன்னு சொல்லு பாப்பம்."

நடராசன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "சொன்னது நெசந்தான். சரக்கு ஏத்துறதுக்குள்ள மார்க்கெட் ஏறிப்போச்சு."

"ஏறினா ஏத்துறதுக்கு முந்தி ஒரு தபால் கார்டு போடணும். வேணும் வேணாம்னு நாங்க சொல்லிருப்போம். ஏத்திட்டு, பில்லப் பெட்டிக்குள்ள வெச்சு அனுப்புறதா?" என்றாள் வேம்பு.

"அது ரொக்க ரேட்டு, அக்கா. ஒங்களுது கடன்..."

"கடன் இன்னிக்கா குடுக்கறீங்க? போன தடவையும் கடன்தான். ரொக்கம்னு அன்னிக்கு காதுல சொல்லலியே. காது பக்கத்துலதான இருந்துச்சு."

செல்லப்பன் சிரித்துவிட்டான். நடராசன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சரி, வித்தியாசத்தக் கழிச்சிட்டு மீதியக் குடுங்க. பேச்சு முடிஞ்சிது."

"கழிச்சுக் குடுத்தா உங்க கணக்குல அது என் பேர்ல பாக்கியா நிக்கும். ஆடி முடிஞ்சதும் அதையும் வசூல் பண்ண வருவீங்க. வித்தியாசத்த என் பேர்ல வரவு வெச்சு, மொதலாளி கையெழுத்துப் போட்டு கிரெடிட் நோட்டு அனுப்பட்டும். அதுக்கப்புறம் பணம்" என்றாள் வேம்பு.

"அடுத்த பில்லுல..."

"அடுத்த பில்லு வேற மண்டியிலேருந்து வரும்" என்றாள் பச்சையம்மாள். "எங்க நாலு பேரு ஆடி ஆர்டரும் சேத்துதான்."

நடராசன் நான்கு முகங்களையும் பார்த்தார். காலிப் பையோடு பஸ் ஏறினார்.

பத்து நாள் கழித்துத் தபாலில் நான்கு கவர்கள் வந்தன. வித்தியாசம் கிலோவுக்கு மூன்று வீதம் வேம்புவுக்கு அறுபது ரூபாய் வரவு. தெருவே மகிழ்ந்தது. வேம்பு மட்டும் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த அறுபதுக்கும் நூற்றுக்கு ஐந்து வரி போட்டிருந்தார்களே, அந்த மூன்று ரூபாய் எங்கே? ஒரு கார்டு எழுதிப் போட்டாள். மூன்று ரூபாய்க்கு இன்னொரு கிரெடிட் நோட்டு வந்தது. அதற்கப்புறம் நடராசன் வந்தபோதுதான் ஆயிரத்து முந்நூற்றுப் பதினாலை எண்ணிக் கொடுத்தாள்.

அன்றைக்கே ஆடி ஆர்டரும் எழுதப்பட்டது. விலைக் கட்டத்தில் 'அறுபத்திரெண்டு' என்று எண்ணிலும் எழுத்திலும் நடராசன் எழுதினார். மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எழுதினார். ஆடி முதல் வெள்ளிக்கு முன்னாலேயே நான்கு கடைக்கும் அந்த விலைக்கே சரக்கு இறங்கியது.

ஆனால் பச்சையம்மாள் வேம்புவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தேங்காய் வாங்க வந்த தன் அண்ணியிடம் அவள் சொன்னது இந்தப் பக்கமும் கேட்டது.

"நல்லா இருந்த மனுசன், நல்லா இருந்த வெல. எனக்கு மட்டும்னு குடுத்துக்கிட்டிருந்தான். இவ போயி ஊருக்கே ஆக்கிட்டா."

வேம்பு பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கி மடித்தாள்.