பூமிக்குக் கழுத்தளவு

“டீச்சர், உங்க உலகம் ரெடி,” என்றார் தையல்கார றிப்கான் நானா.

“நானா, இது தலகாணி!”

“ஒரு பாகைக்கு நூத்திப் பதினொரு கிலோமீட்டர்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது பூமத்திய ரேகையில. நம்ம பதுளையில கொஞ்சம் குறையும், அறுபதாம் பாகையில பாதிதான். நெடுங்கோடெல்லாம் துருவத்துல ஒரே புள்ளியில சேருதே!”

மறுநாள் காலை எங்கள் பாடசாலையில் புவியியல் கண்காட்சி; அதற்குத்தான் இந்தத் துணிப் பூகோளம். பதுளை பஸாரில் இருபது வருடமாகச் சட்டை தைப்பவர், தன் பெயர் அட்டையில் வரும் என்று கூலிகூட வாங்கவில்லை. முப்பது பாகைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நீலத் துண்டுகள். எல்லாம் மேலிருந்து கீழ்வரை முப்பது சென்ரிமீற்றர் அகலம்.

இரு முனையையும் நாடாவால் இறுக்கிக் கட்டினார். உலகம் பெரிய டொஃபி ஆனது.

“இந்த டொஃபியிலயா என் பேரு?” என்று தையலைப் பிரித்தார். அறுபதாம் பாகையில் பதினைந்து சென்ரிமீற்றர், முனையில் பூச்சியம் என்று வளைத்து வெட்டினார். மறுபடி தைத்துப் பஞ்சு அடைத்ததும் பூமி உருண்டது.

பெயரட்டையை நானே குத்தினேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

“அடுத்த முறை இடுப்பளவு மட்டும் தராதீங்க டீச்சர், கழுத்தளவும் தாங்க.”