ஐம்பது நிமிடத்துக்கு அக்கா கிடையாது

அவரை அலுவலகத்தில் எல்லோரும் அலாரம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேசையில் தக்காளி நிறத்தில் சமையலறைக் கடிகாரம் ஒன்று வைத்திருப்பார். ஐம்பது நிமிடத்துக்குத் திருகிவிட்டு, கம்ப்யூட்டரில் அலுவலகச் சாட் செய்திகளை ஊமையாக்கி, அதில் தன் பெயருக்குக் கீழே எழுதுவார்: “10.20 வரை ஒரே வேலை. அவசரம்னா போன் பண்ணுங்க.”

மருத்துவமனைகளுக்கு முன்பதிவு மென்பொருள் விற்கும் நிறுவனம் எங்களுடையது. புகார்களைத் தீர்ப்பது எங்கள் குழு. அக்கா இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் மருந்துக்கடையில் இருந்தவர். “மாத்திரை எண்ணும்போது ஒருத்தர் மணி கேட்டாலும் திரும்ப ஒண்ணுல இருந்துதான் எண்ணணும். விரலைத் தூக்கிக் காட்டிடுவேன், நிப்பாங்க. சாட்டுக்கு விரல் தெரியாதே” என்பார்.

எங்கள் லீடருக்கு அக்காவைவிடப் பத்து வயது குறைவு. நாளைக்கு நாற்பது தடவை “ஆச்சா?” என்று சாட்டில் கேட்பவர். அவரிடம் மன்றாடி இரண்டு வாரம் சோதனைக்கு அனுமதி வாங்கியிருந்தார் அக்கா. ஒருவர் கடினமான புகாரை எடுத்தால் இன்னொருவர் அவருடைய சாட்டைப் பார்த்துக்கொள்வார். ஒரே ஒரு அவசரம் தவறினாலும் சோதனை ரத்து; பழையபடி எல்லோரும் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

சோதனையின் கடைசி வெள்ளிக்கிழமை. கண் மருத்துவமனை ஒன்றில் சில நோயாளிகளின் நேரம் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டியது. மூன்று நாளாக எல்லோரும் சாட்டுக்கு நடுவே மாற்றி மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை. ஒன்பதரைக்கு அக்கா கடிகாரத்தைத் திருகினார். அவருடைய சாட்டைப் பார்ப்பது அன்று என் முறை.

10.20க்கு மணி அடித்தபோது விடை கிடைத்திருக்கவில்லை. ஆனாலும் நிறுத்தினார். ‘இதுவரை பார்த்தது, அடுத்துப் பார்க்க வேண்டியது’ என்று இரண்டே வரி எழுதினார். பத்து நிமிடம் சாட்டுக்குப் பதில் போட்டார், தண்ணீர் குடித்தார், மறுபடி திருகினார்.

11.05க்கு லீடர் எனக்கு எழுதினார்: “அக்கா போனை எடுக்கல. ரெண்டு தடவை அடிச்சாச்சு. பதினொன்றரைக்கு நோயாளிகளுக்கு நினைவூட்டல் தானா போகும், சிலருக்குத் தப்பான நேரத்தோட. நிறுத்தச் சொல்லுங்க.”

அக்காவின் போன் மேசையில்தான் கிடந்தது. சத்தமே வரவில்லை. நான் ஒரு மஞ்சள் தாளில் ‘11.30 நினைவூட்டலை நிறுத்தணும்’ என்று எழுதிக் கடிகாரத்தின் மேல் ஒட்டினேன். அக்கா படித்தார், அந்த மருத்துவமனையின் நினைவூட்டலை நிறுத்தினார், பிறகுதான் போனைத் திருப்பிப் பார்த்தார். திரையில் ‘தொந்தரவு வேண்டாம்’ என்பதற்கான குட்டி நிலா.

அதற்குள் லீடரே வந்துவிட்டார். “இதுக்குத்தான் வேணாம்னேன். போன்கூட எடுக்கலன்னா என்ன அர்த்தம்?”

“தப்பு என்னோடதுதான் சார். நேத்துதான் புது போன் வாங்கினேன். கம்ப்யூட்டரை ஊமையாக்கினா இதுவும் சேர்ந்து ஊமையாகுது. யார் அடிச்சா ஒலிக்கணும்னு நான் குறிச்சு வைக்கல.”

“அப்ப சோதனை முடிஞ்சுது.”

“சரி சார். இந்தக் கடிகாரத்துல இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. அதை மட்டும் கொடுங்க. நின்னு பாருங்க, பேசாதீங்க.”

லீடர் வாய் திறந்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கினார். வாய் மூடிக்கொண்டது. அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

தப்பான பதிவுகளை எல்லாம், எந்தக் கணினியில் பதிந்தவை என்று பார்த்து, அக்கா பிரித்துப் போட்டார். அத்தனையும் வரவேற்பறையின் இரண்டாவது மேசையிலிருந்து வந்தவை. மருத்துவமனைக்கு போன் போட்டுக் கேட்டார். போன வாரம் பழுது பார்த்து வந்த கணினியாம். அதில் நேர மண்டலம் வேறு நாட்டுடையதாக இருந்தது. அங்கே ஒன்பது என்று பதிந்தால் மற்ற கணினிகளில் பத்து என்று தெரிந்திருக்கிறது.

மணி அடித்தது.

“மூணு நாளா நாம எத்தனை பேர் பார்த்தோம்?” என்றார் லீடர்.

“நாலு பேர். நாலு பேரும் உங்க ‘ஆச்சா’வுக்குப் பதில் போட்டுக்கிட்டே பார்த்தோம்” என்றார் அக்கா.

லீடருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என் மேசையில இருந்து இங்க பன்னெண்டு அடி. நானே முதல்ல எழுந்து வந்திருக்கலாம். சரி, சோதனை தொடரட்டும். ஆனா தினம் காலையில, சாட்டை ஊமையாக்கினதும், நான் ஒரு போன் அடிப்பேன். ஒலிச்சாத்தான் கடிகாரத்தைத் திருகணும்.”

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அக்காவின் போன் ஒலித்தது.

“கேக்குதா அக்கா?”

“கேக்குது சார், வைங்க” என்று கடிகாரத்தைத் திருகினார்.