முப்பதாவது நாள்

தேனம்மை ஆச்சியின் கணவர் சாத்தப்பச் செட்டியார் மலேயாவின் ஈப்போ நகரில் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி நாற்பது வருஷம்; சேர்ந்து இருந்தது எத்தனை நாள் என்று ஆச்சிக்கு மனப்பாடம். கானாடுகாத்தான் வீட்டில் அவருக்கென்று ஓர் அறை உண்டு. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை ஆச்சி தினமும் கூட்டுவார், வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பார். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். வராத மனுஷனுக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று தோன்றும்.

நான் நாகநாதன். காரைக்குடியில் ஓர் ஆடிட்டரிடம் எழுத்தராக இருந்தேன். அந்த வீட்டுக் காகிதங்களையெல்லாம் சுமந்தவன் நான்தான்.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில், இளைய மகள் மீனாளின் கல்யாணத்துக்காகக் காரைக்குடியில் செட்டியார் பேரில் இருந்த காலிமனையை விற்பதென்று முடிவானது. நாற்பத்தைந்தாயிரத்துக்கு வாங்க வந்தவர் ரைஸ்மில் சின்னச்சாமி. எல்லாம் பேசி முடித்தபின் அவர் தலையைச் சொறிந்தார்.

"விக்கிறவரு வெளிநாட்டுல இருக்காராம்ல. வரியப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடுக்கணுமாம். பிடிக்காம விட்டா என் கழுத்துக்கு வரும், தம்பி."

அவர் சொன்னது சரி. ஆனால் வரி உண்மையில் லாபத்துக்குத்தான். மனை செட்டியாருடைய அப்பா காலத்தது. சட்டம் அடிப்படையாக வைத்திருக்கும் ஐம்பத்துநாலாம் வருஷத்தில் அது என்ன விலை போயிருக்கும் என்று காட்டிக் கழித்தால் லாபம் கொஞ்சம்தான் நிற்கும். முழு விலைக்கும் வரி பிடித்தால், மிச்சம் திரும்பி வருவதற்குள் மீனாளுக்குப் பிள்ளையே பிறந்துவிடும். ஆகவே இவ்வளவு பிடித்தால் போதும் என்று வருமானவரி அதிகாரியிடம் சான்று வாங்க வேண்டும். செட்டியார் கையெழுத்திட்ட மனு தபாலில் வந்தது. பழைய பத்திரம், மதிப்பு விவரம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் கட்டிக்கொண்டு ஐந்து தடவை நடந்தேன். மாசியில் சான்று கிடைத்தது.

மார்ச் முதல் தேதி செட்டியார் வந்து இறங்கினார். பத்திரப் பதிவு இரண்டே நாளில் முடிந்தது. சின்னச்சாமி சான்றில் இருந்தபடி குறைவாகவே பிடித்துக்கொண்டார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பங்குனி ஒன்பதில், அதாவது மார்ச் இருபத்திரண்டில், செட்டியாருக்கு அறுபதாம் கல்யாணம். முதல் தாலி கட்டிய எட்டாம் நாளே கப்பலேறியவர், இரண்டாவது தாலிக்காவது நிற்கிறாரே என்று ஆச்சிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. புடவை எடுத்தாகிவிட்டது, பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது.

அப்போதுதான் கோப்பை மூடி வைக்க உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் நகலின் இன்னொரு பக்கத்தில் போன ஏப்ரல் முத்திரை. அம்மா காரியத்துக்கு வந்து பதின்மூன்று நாள் இருந்திருக்கிறார். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற அதே நிதியாண்டு. தனக்கென்று இங்கே வீடு வைத்திருப்பவர் வருஷத்தில் முப்பது நாள் இங்கே இருந்துவிட்டால் சட்டப்படி உள்ளூர்வாசி. சான்றுக்கு ஆதாரமே போய்விடும். ஈப்போக் கடை வருமானத்துக்கும் இங்கே கணக்குக் கேட்பார்கள். அவர் வருகிற முன்பே இதை எண்ணியிருக்க வேண்டியவன் நான். எண்ணவில்லை. கானாடுகாத்தானுக்கு ஓடி, இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"பதினாறாம் தேதி அவுக கெளம்பிட்டா இருபத்தொம்பது நாளோட நிக்கும், ஆச்சி" என்றேன்.

செட்டியார் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சி என்னைக் கேட்டார்.

"அறைய இல்லைன்னு சொல்லிப்பிட்டா?"

"அது பொய்யாயிடும் ஆச்சி. நீங்கதான தெனம் கூட்டுறீக."

"ஏப்ரல் ஒண்ணாந் தேதிக்கு மேல வந்து வச்சுக்கிட்டா?"

"புது வருசம், புதுக் கணக்கு. வரலாம்."

"பெறந்த மாசம், நட்சத்திரம் ரெண்டும் சேந்து வராதே தம்பி" என்றார். பிறகு செட்டியாரைப் பார்த்து, "பொண்ணு கல்யாணம் முக்கியம். நீங்க கெளம்புங்க" என்றார். அவரும் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

பதினாறாம் தேதி கிளம்பிப் போனார்.

இருபத்திரண்டாம் தேதி, சான்றின் நகலைக் கொடுக்கிற சாக்கில் போனேன். பந்தல் இல்லை. ஆச்சி அந்த அறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பழைய புடவைதான். தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"இவுக இந்தியாவுல குடியிருக்கிறவுக இல்லை, அதனால இவ்வளவு வரி பிடிச்சாப் போதும்னு எழுதியிருக்கு, ஆச்சி."

அதை இரண்டாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கா அஞ்சு தடவை நடந்தீக? என்னையக் கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே, தம்பி."