நாற்பத்தொன்று முதல் எண்பது வரை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த மொழிபெயர்ப்பு நிறுவனம். நாளிதழில் விளம்பரம் பார்த்து, கிள்ளானிலிருந்து பஸ் ஏறிப் போனேன். மேலாளர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு ஒரு நீல ஃபைலை நீட்டினார்.

"டெஸ்ட்டு தம்பி. வீட்டுலயே செய்யி. சனிக்கிழமை கொண்டா."

தமிழாக்க வேண்டிய நாற்பது பக்க ஆங்கிலம். தோட்டங்களில் களைக்கொல்லி அடிப்பவர்களுக்கான பாதுகாப்புக் கையேடு. என் பெரியம்மா அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர் என்பதால் ஆசையாகவே உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் சுத்தமாக முடித்த பிறகுதான் கவனித்தேன்: பக்க எண் நாற்பத்தொன்றில் தொடங்கி எண்பதில் முடிந்தது. ஓரத்தில் பென்சிலில், 'படம் இங்கே' என்று அம்புக்குறி. பரீட்சைத் தாளில் படம் எங்கே வரவேண்டும் என்று யார் குறித்து வைப்பார்கள்?

புதன்கிழமை, ஒரு மருந்தின் பெயரில் சந்தேகம் கேட்கப் போனேன். மாடிப்படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். அவள் கையிலும் அதே நீல ஃபைல்.

"நீங்களும் டெஸ்ட்டா, அண்ணே?"

"ஆமா. உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"ஒன்னுலேருந்து நாப்பது."

எனக்கு நாற்பத்தொன்றிலிருந்து எண்பது என்றேன்.

"அப்ப புக்கு முழுக்க நம்ம ரெண்டு பேருதானா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். "எனக்குப் பாதிக்கு மேல முடிஞ்சிருச்சி லா. இப்ப விட்டா செஞ்சதும் போயிரும்."

நான் சந்தேகம் கேட்காமலேயே திரும்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா, மகனுக்குக் கோலாலம்பூரில் ஆபீஸ் வேலை என்று அதற்குள் லோரிக்காரர்கள் வரை சொல்லி முடித்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டார்.

"கேட்டா செஞ்சு குடுத்துட்டுப் போவேண்டியதுதானே? நாங்கள்லாம் மொத நாளு சும்மா தூக்கிக் காட்டலயா?"

"ஒரு மூட்டை தூக்கிக் காட்டுனீங்க. கப்பலையே காலி பண்ணிக் குடுத்தீங்களாப்பா?"

சொல்லியிருக்கக்கூடாது. அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்.

என்னிடம் கடிதம் எழுதும் கையேடு ஒன்று இருந்தது. வேலை கேட்க, விடுப்புக் கேட்க, மன்னிப்புக் கேட்க, எல்லாவற்றுக்கும் அதில் மாதிரி உண்டு. வேலை கொடுப்பவரிடம் முடியாது என்று சொல்ல மட்டும் இல்லை. நானாகவே தமிழில் எழுதினேன்: 'என் தரத்தை அறிய இந்த இரண்டு பக்கங்கள் போதும் என நம்புகிறேன். வேலையில் சேர்த்துக்கொண்டால் மீதியை அலுவலகத்திலேயே செய்து முடிப்பேன். அதற்கு முன்பே தேவையென்றால் அதற்குறிய கட்டணத்தைப் பேசிக்கொள்ளலாம்.' மூன்று முறை கிழித்து நான்காவது முறை எழுதியது. மரியாதை குறையவில்லை என்று எனக்குத் திருப்தி.

சனிக்கிழமை காலை மேலாளர் கடிதத்தை என் எதிரிலேயே படித்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தம்பி வேலை கேட்டு வந்தீங்களா, டெண்டர் போட வந்தீங்களா?"

"இல்லங்க சார், நாப்பது பக்கம்ங்கிறது டெஸ்ட்டுக்கு..."

சிவப்புப் பேனாவைத் திறந்து 'அதற்குறிய' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இதுக்கு எந்த ர வரும்?"

நான் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி, அதற்குப் பிறகு மலாய் மொழியில் படிப்பு, சனிக்கிழமை மட்டும் தமிழ் வகுப்பு. இந்த இரண்டு எழுத்தும் என்னை விடவேயில்லை.

"சின்ன ர, சார்."

"உரியதுன்னு எழுதத் தெரியல. அதுக்கு உரிய காசு வேணும்."

பக்கத்து மேசையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் குனிந்து சிரித்தார். காது சுட்டது. இருந்தும், "அந்த ரெண்டு பக்கத்தைக் குடுத்துருங்க சார்" என்றேன்.

"டெஸ்ட்டு பேப்பரை எந்த ஊர்ல திருப்பிக் குடுக்கறான்?" என்று அதை இழுப்பறையில் போட்டு மூடினார். அதில் பிழை இருக்கிறதா என்று அவர் பார்க்கவேயில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள். நாற்பது பக்கமும் முடித்து, துளையிட்டு, நூல் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவர் இரண்டு தாளைப் புரட்டிவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு என் நீல ஃபைலை அவள் பக்கம் தள்ளினார்.

"இதையும் பாத்துருங்க. ரெண்டு பக்கம் முடிஞ்சிருச்சி, மீதிதான். அப்புறம் வேலையப் பத்திப் பேசலாம்."

வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என ஒரு கணம் நம்பினேன். அவள் என்னைப் பார்க்காமல் ஃபைலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவள்மேல் வந்த ஆத்திரம் படியிறங்குவதற்குள்ளேயே என்மேல் திரும்பிவிட்டது. நான் நிமிர்ந்து நின்று மறுத்த முப்பத்தெட்டுப் பக்கங்களையும் இனி அவள்தான் சும்மா எழுதவேண்டும்.