அப்பா கற்றுக்கொடுத்த சிங்களம்

பதுளைக்குப் போகவே கூடாது என்றுதான் நான் சொன்னேன். கொடைக்கானலில் இருந்து மதுரை, மதுரையில் இருந்து விமானம், கொழும்பில் இருந்து நாள் முழுக்க ரயில். மறதி நோய் வந்த மனுஷனை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போவது கிறுக்குத்தனம். ஆனால் அப்பா விடவில்லை. விடியும் முன்னே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "கடை தொறக்கணும், முதலாளி வந்துருவாரு" என்று கதவைப் போட்டு உலுக்குவார். அந்தக் கடை பதுளையில் இருந்தது. அவர் சின்னப் பையனாக அங்கே மூட்டை தூக்கினார். பிறகு தேயிலைத் தோட்டத்து ஜனங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கொடைக்கானல் மலையில் வந்து விழுந்தது. ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் மனசு அடங்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நான் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீயும் பிரட் ஆம்லெட்டும் விற்கிறவள். எத்தனையோ ஊர்க்காரர்கள் நாலு தமிழ் வார்த்தையை வைத்துக்கொண்டு என் கடையில் சமாளித்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சிங்களம் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே அப்பா சொல்லிக்கொடுத்தார். நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லாதவருக்கு அது மட்டும் பிசகாமல் வந்தது.

"'மெஹெ வரென்'னா இங்க வான்னு அர்த்தம். 'தீபன்'னா குடு. 'கியபன்'னா சொல்லு. 'பலயன்'னா போ. எங்க, சொல்லு பாப்போம்."

சொன்னேன்.

"சத்தமாச் சொல்லணும் தாயி. மெதுவாச் சொன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான். கடைவீதியில தமிழ்ல பேசிக்கிட்டு நிக்காத. சிங்களத்துல கேட்டாத்தான் வெரசா சோலி முடியும்."

பதுளையில் இறங்கியதுமே மழை. அப்பாவின் சர்க்கரை மாத்திரை காலையில் போட்டதோடு தீர்ந்திருந்தது. காலையில் இருந்து அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பஸ் நிலையத்தில் ஒரு தூணோரம் நிறுத்தி, "எங்கயும் போகாதீங்கப்பா, மாத்திரை வாங்கிட்டு வந்துர்றேன்" என்றேன். தலையாட்டினார். திரும்பி வந்தபோது தூண் மட்டும் நின்றது.

சுற்றிச் சுற்றிக் கத்தினேன். போலீஸ்காரர் ஒருவர் போட்டோவைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு, அரைகுறைத் தமிழில் தேடச் சொல்வதாகச் சொன்னார். எனக்கு அங்கே நிற்கப் பொறுக்கவில்லை. நீரிழிவுக்காரர், வயிறு காலி, மழையில் நனைந்துகொண்டு எங்கே போகிறோம் என்றே தெரியாமல் போய்க்கொண்டிருப்பார். எங்காவது மயங்கி விழுந்தால், யார், எந்த ஊர் என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பாஸ்போர்ட் என் பையில்.

கடைவீதிக்குள் நுழைந்தேன். முதலில் ஒரு பழக்கடை. அந்த அம்மாள் உள்ளே எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள். போனை நீட்டிக்கொண்டு, "மெஹெ வரென்" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். திரும்பினாள். போட்டோவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். "கியபன்" என்றேன். அவள் மறுபடி பழம் அடுக்கப் போய்விட்டாள்.

அடுத்தது இரும்புக்கடை. அதே கதை. கல்லாவில் இருந்தவர் நிதானமாக, "ஹொந்தட்ட கதா கரன்ன" என்றார். என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. மறுபடியும் "கியபன்" என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த கடையில் ஒருவன் சிரித்தான். அதற்கடுத்த கடையில் ஒரு கிழவர் கையை வீசி என்னை நகரச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வயசாளியைக் காணோம் என்று ஒருத்தி தலைவிரிகோலமாக நிற்கிறாள், இந்த ஊரில் மனுஷனே இல்லையா என்று நடுத்தெருவில் தமிழில் கத்தினேன். இன்னும் கெட்டதாகவும் கத்தினேன்.

துணிக்கடை வாசலில் நின்ற ஒரு பெண் இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை. அந்தக் கடையில் வேலை பார்க்கிறவள்.

"அக்கா, நீங்க எந்த ஊரு? ஏன் எல்லாரையும் நாயக் கூப்புடுற மாதிரி கூப்புடுறீங்க?"

"நான் எங்க அப்பாவக் காணம்னு கேக்குறேன். நாயின்னு யாரச் சொன்னேன்?"

"'மெஹெ வரென்'ன்னு கத்துறீங்களே. 'அடியே இங்க வாடி'ன்னு சொன்ன மாதிரி அது. கடக்காரங்கள யாராச்சும் அப்பிடிக் கூப்புடுவாங்களா? இந்தப் பேச்சு யாரு படிச்சுக் குடுத்தது?"

"எங்க அப்பாதான். இங்கதான் ஒரு கடையில இருந்தாரு, சின்ன வயசுல."

அந்தப் பெண் என் கையை விடாமலே, "அப்ப அவர அப்பிடித்தான் கூப்புட்டிருப்பாங்க" என்றாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த முதலாளி உயிரோடு இருந்து என் எதிரில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இங்கே எழுத வேண்டாம். இத்தனை வருஷம் அப்பா 'என் பாஷை, என் பாஷை' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது பூராவும் அவர் மேல் எறிந்த பேச்சு. அதைத்தான் பொறுக்கி வைத்து எனக்குக் கொடுத்திருக்கிறார். வேறு சிங்களம் அவர் காதில் விழுந்ததே இல்லை.

"அழாதீங்கக்கா, நேரம் போகுது. கடையில நிக்கிறது உங்களவிட மூத்த பொம்பளன்னா 'அக்கே'ங்க. ஆம்பளன்னா 'அய்யே'. சின்னவங்கள 'மல்லி', 'நங்கி'. இது இல்லாமப் பேச்ச எடுக்காதீங்க. 'பொட்டக் பலன்ன', கொஞ்சம் பாருங்கன்னு அர்த்தம். 'மகே தாத்தாவ ஹொயனவா', எங்க அப்பாவத் தேடுறேன். இங்க தாத்தான்னா அப்பா. 'தெக்கத', பாத்தீங்களா. சொல்லுங்க."

சொன்னேன். தப்பாகச் சொன்னேன். திரும்பச் சொல்லவைத்தாள். "'சமாவென்ன'. மன்னிச்சுக்கங்கன்னு. அத மொதல்ல சொல்லுங்க, ஏற்கெனவே திட்டிட்டு வந்துட்டீங்க" என்றாள். கடையை விட்டு அவளால் வர முடியாது. நான் ஓடினேன்.

அதே பழக்கடை. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அக்கே, சமாவென்ன" என்றேன். கை தானாகக் கும்பிட்டது. அவள் திரும்பினாள். "பொட்டக் பலன்ன. மகே தாத்தாவ ஹொயனவா." போனை வாங்கிப் பார்த்தாள். "அனே" என்றாள். ஐயோ பாவம் என்கிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. நான் மறுபடி சமாவென்ன என்றதும், "கமக் நே, கமக் நே" என்று என் தோளைத் தட்டினாள். பரவாயில்லை, விடு என்று அர்த்தம் என்பது அந்தத் தட்டலிலேயே தெரிந்தது.

பிறகு ஒரு ஸ்டூலைக் காட்டி, "பொட்டக் இன்ன" என்றாள். கையால் பொறு என்று காட்டினாள். என்னை உட்காரவைத்துவிட்டுத் தட்டிக்கழிக்கிறாள் என்று நினைத்தேன். எழுந்தேன். "இன்ன, நங்கி, இன்ன" என்று மறுபடி உட்காரவைத்தாள். அவள் தட்டிக்கழிக்கவில்லை. போட்டோவைத் தன் போனுக்கு மாற்றி, இரும்புக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டி, த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிற ஒருவனுக்கு அனுப்பி, அவன் வேறு யாருக்கோ அனுப்பி, தெருவே பேசிக்கொண்டிருந்தது. முதலில் 'ஹொந்தட்ட கதா கரன்ன', ஒழுங்காகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போன அதே இரும்புக்கடைக்காரர்தான் குடையை எடுத்துக்கொண்டு தெரு முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கடைசியில் த்ரீவீல்காரன் வந்து, "நங்கி, யமு" என்றான். போகலாம் வா என்று கையைக் காட்டினான்.

தெருக்கோடியில் ஒரு அரிசிக்கடை. அப்பா உயிரோடு இருந்தார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. உடம்பு நடுங்கியது. மூட்டைகளுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு எதிரில் ஒரு நாற்காலி. அதன் மேல் ஒரு டம்ளர் டீ ஆறிப்போய் இருந்தது.

அந்தக் கடைக்காரருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்தது. "வந்த நேரம் இருந்து நிக்கிறாரு. வாடி வென்ன சீயா, வாடி வென்ன, எத்தன முற சொன்ன. உக்கார இல்ல. டீ குடிக்க இல்ல. மூட்ட தூக்கப் போறாரு. நான் கையப் புடிச்ச" என்றார். வாடி வென்ன என்றால் தயவுசெய்து உட்காருங்கள். சீயா என்றால் நம் ஊர்த் தாத்தா.

"அப்பா, வாங்கப்பா" என்றேன். என்னைப் பார்க்கவில்லை. கையைத் தொட்டேன். "நோனா" என்று இன்னும் குனிந்தார். அம்மணி என்று அர்த்தம். தன் பிள்ளையைப் பார்த்து.

ஒரு வார்த்தையில் அவரை வெளியே கொண்டுவந்திருக்கலாம். மெஹெ வரென் என்று ஒரு அதட்டல். உடனே வந்திருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. அவர் நடுங்கிக்கொண்டிருந்தார், சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது, எனக்குப் பொறுமையும் கிடையாது. ஆனாலும் அதைச் சொல்ல முடியவில்லை. செத்தாலும் என் வாயால் அவரிடம் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சும்மா நிற்பதைப் பார்த்து, கடைக்காரர் டம்ளரை எடுத்து வேறு டீ ஊற்றினார், நிறையச் சீனி போட்டு. நாற்காலியைத் தள்ளி வைத்தார். கீழே, சாக்கின் மேல் தானே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சுத்தமான கைலி, வெள்ளைச் சட்டை. பக்கத்தில் தட்டிக் காட்டி, "வாடி வென்ன, சீயா" என்றார். நானும் தரையில் உட்கார்ந்தேன். "வாடி வென்ன, தாத்தே" என்றேன்.

அப்பா வெகு நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, சாக்கின் ஓரத்தில், பாதி தரையில் பாதி சாக்கில் உட்கார்ந்தார். டம்ளரைக் கையில் வைத்தேன். குடித்தார்.

கிளம்பும்போது கடைக்காரர் வாசல் வரை வந்து, "கிஹின் என்ன, சீயா" என்றார். போய்விட்டு வாருங்கள் என்று நாம் சொல்வது போலத்தான்.

த்ரீவீலில் என் சால்வையைப் போர்த்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசல் வந்த பிறகுதான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

"ஏம்மா, அந்த முதலாளி எதுக்கு என்கிட்டப் போய்க் கெஞ்சுனாரு?" என்று கேட்டார்.

"கெஞ்சலப்பா. மரியாதையாப் பேசுனாரு."

"போ தாயி, வெளையாடாத" என்றார். மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.